ஒன்பது கிளைகள், இரண்டு மென்பொருள்கள்: கிளை கிளையாக மாறுவதா, ஒரே நாளில் மாறுவதா?

சிங்கப்பூரில் ஒன்பது கிளைகள் வைத்திருக்கும் ஒரு மளிகை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சிராங்கூன் சாலையில் பெரிய கடை; ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று வீவக புளோக்குகளின் கீழ்த்தளங்களில் எட்டுக் கடைகள்; செனோக்கோவில் எல்லாக் கிளைகளுக்கும் சரக்கு அனுப்பும் ஒரு பொதுக் கிடங்கு. ஒவ்வொரு கடையிலும் உள்ள பழைய கணினியில் அந்தக் கடையின் விற்பனையும் இருப்பும் தனியாகப் பதிவாகின்றன. இரவில் கடை மூடிய பிறகு அன்றைய கணக்கு ஒரு கோப்பாகத் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. இப்போது எல்லாக் கிளைகளும் கிடங்கும் கணக்குப் பிரிவும் ஒரே தரவுத்தளத்தில் இயங்கும் புதிய மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள். இந்த நிறுவனம் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு நேரும் சிக்கல்கள், கடை மென்பொருள் மாற்றும் வேலையில் இத்தனை ஆண்டுகளில் நான் நேரில் பார்த்தவை.

மென்பொருளை வாங்கி முடித்ததும் முதலாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எல்லாக் கடைகளையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா, அல்லது ஒவ்வொரு கடையாக மாற்றலாமா? முதல் வழியைத் துறையில் ‘பிக் பேங்’ என்பார்கள். ஒரு சனிக்கிழமை இரவு பழைய மென்பொருளை மூடி, திங்கட்கிழமை காலை ஒன்பது கடைகளும் கிடங்கும் புதியதில் திறக்கும். இரண்டாவது வழி கட்டம் கட்டமாக மாறுவது. முதலில் ஒரே ஒரு கடை மாறும். அதைப் பைலட் கிளை, அதாவது முன்னோட்டக் கிளை என்பார்கள். அங்கே வேலை சீரான பிறகு இரண்டு இரண்டு கடைகளாக மாற்றிக்கொண்டே போவார்கள்.

பெரும்பாலானோர் கட்டம் கட்டமாகப் போவது பாதுகாப்பானது, ஆனால் மெதுவானது என்ற அளவில் புரிந்துகொண்டு நின்றுவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். ஒரே நாளில் மாறும்போது ஆபத்து முழுவதும் ஓர் இரவில் குவிந்திருக்கிறது. கட்டம் கட்டமாக மாறும்போது அந்த ஆபத்து குறைகிறது; ஆனால் அதற்கு ஈடாக, சில கடைகள் புதியதிலும் சில கடைகள் பழையதிலும் இருக்கும் ஒரு இடைக்காலம் பிறக்கிறது. அந்த இடைக்காலத்துக்கு என்று தனியாக வேலை உண்டு, செலவு உண்டு, அதற்கே உரிய தவறுகளும் உண்டு. திட்டம் போடும்போது யாரும் கணக்கில் எடுக்காத பகுதி அதுதான் என்பதால், இந்தக் கட்டுரையில் அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

அந்த ஒரு இரவில் என்ன நடக்க வேண்டும்

ஒரே நாளில் மாறுவதன் சுமையைப் புரிந்துகொள்ளச் சரக்கு எண்ணுவதை மட்டும் பார்த்தால் போதும். புதிய மென்பொருள் சரியான இருப்போடு தொடங்க வேண்டுமானால், மாறும் இரவில் ரேக்கில் உள்ளதை எண்ணித்தான் ஆக வேண்டும். பழைய கணினி காட்டும் இருப்பை அப்படியே ஏற்றினால், பல ஆண்டுகளாகச் சேர்ந்த பிழைகளும் சேர்ந்தே வந்துவிடும். ஒரு கடையில் 4,000 வகைப் பொருள்கள் இருப்பதாகவும், ஒருவர் எண்ண மற்றொருவர் எழுதும் ஓர் இணை ஒரு மணி நேரத்தில் 150 வகைகளை முடிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஓர் இணைக்கு ஏறக்குறைய 27 மணி நேர வேலை அது. இரவு பத்து மணிக்குக் கடையை மூடி, காலை ஐந்து மணிக்குள் முடிக்க நான்கு இணைகள், அதாவது எட்டுப் பேர் வேண்டும். ஒரு கடைக்கு எட்டுப் பேரைத் திரட்டுவது எளிது. ஒன்பது கடைகளுக்கும் ஒரே இரவில் 72 பேர் வேண்டும், கிடங்கு தனி. பெரும்பாலான கடை ஊழியர்கள் காலையிலிருந்து நின்று வேலை பார்த்தவர்கள். அவர்களில் சிலர் திங்கட்கிழமை காலை புதிய திரையின் முன் கல்லாவில் உட்கார வேண்டியவர்கள்.

எண்ணி முடித்த பிறகு அந்த எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். கடன் வாடிக்கையாளர் பாக்கி, சப்ளையருக்குத் தர வேண்டியது, இன்னும் வந்து சேராத ஆர்டர்கள் ஆகியவற்றை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லாவிலும் நெட்ஸ் கருவி புதிய மென்பொருளோடு பேசுகிறதா என்று ஒரு சிறு தொகைக்குப் பரிவர்த்தனை செய்து பார்க்க வேண்டும். இவை எல்லாம் செய்யக்கூடிய வேலைகளே. ஆனால் மென்பொருள் தந்த நிறுவனம் அனுப்பும் மூன்று பேரால் ஒன்பது இடங்களில் இருக்க முடியாது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஒரே நேரத்தில் ஒன்பது கடைகளிலிருந்து தொலைபேசி வரும்போது, பெரும்பாலும் அவை ஒரே கேள்வியைத்தான் கேட்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கல்லாவில் வரிசை கடைக்கு வெளியே போய்விடும்.

பெரிய நிறுவனங்களுக்குக்கூட இது நேர்ந்திருக்கிறது. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் தன் வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 52 லட்சம் பேரைப் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் உண்மையில் உள்ளே நுழையத் தொடங்கியதும் புதிய அமைப்பு தடுமாறியது. எல்லாக் கிளைகளும் பாதிக்கப்பட்டன. நிலைமை முழுதாகச் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4.865 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. தரவை ஒப்பிட்டுப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்வதும், நெரிசலான காலையில் கடை நடப்பதும் வேறு வேறு சோதனைகள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரியாது. ஒரு கிளையை மட்டும் முதலில் மாற்றுவதன் உண்மையான பயன் இதுவே: எந்த ஒத்திகையிலும் வெளிப்படாத சிக்கல்கள் சிறிய இடத்தில் வெளிப்படும்.

திரும்பி வரும் வழியும் இரண்டு முறைகளிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. ஈசூன் கடை மட்டும் புதியதற்கு மாறி, முதல் நாள் மதியம் வரை எதுவும் சரிப்படவில்லை என்றால், அந்தக் கடையைப் பழைய கணினிக்குத் திருப்பி, காலையில் போட்ட இருநூறு ரசீதுகளை மாலைக்குள் கையால் ஏற்றிவிடலாம். ஒன்பது கடைகளும் கிடங்கும் சேர்ந்து மாறியிருந்தால் காலை விற்பனை மட்டும் அல்லாமல் சரக்கு வரவு, அனுப்பியது, சப்ளையர் பில் என்று எல்லாமே புதியதில் பதிவாகியிருக்கும். அவற்றைப் பழையதில் மீண்டும் ஏற்றுவது ஏட்டில் மட்டுமே சாத்தியம். ஆகவே ஒரே நாளில் மாறுகிறவர்கள் திரும்புவதா தொடர்வதா என்ற முடிவைக் கடை திறக்கும் முன்பே, ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி என்பது போல நேரம் குறித்து, எந்தெந்த எண்கள் பொருந்தினால் தொடர்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்து எடுக்க வேண்டும்.

இடைக்காலம்: இரண்டு கரைகளுக்கு நடுவே ஒரு பாலம்

இப்போது கட்டம் கட்டமாகப் போகும் வழிக்கு வருவோம். ஈசூன் கடை புதிய மென்பொருளில் இருக்கிறது. செனோக்கோ கிடங்கு இன்னும் பழையதில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை கிடங்கிலிருந்து ஈசூனுக்கு ஒரு லாரி சரக்கு கிளம்புகிறது. நேற்று வரை இந்தப் பதிவின் இரண்டு பக்கமும் பழைய மென்பொருளிலேயே இருந்தன: கிடங்கில் குறையும், ஈசூனில் கூடும். இன்று அந்தப் பதிவுக்கு மறுபக்கம் இல்லை. பழைய மென்பொருளுக்கு ஈசூன் என்ற கடை இனி இல்லை. புதிய மென்பொருளுக்குச் செனோக்கோ கிடங்கு இன்னும் பிறக்கவில்லை.

இதற்குத் துறையில் வழக்கமாகச் செய்வது, இரண்டு பக்கமும் உண்மையில் இல்லாத ஒரு கிடங்கை உருவாக்குவது. பழையதில் `BR-99` என்று ஓர் இடத்தைத் திறக்கிறோம். புதியதிலும் அதே பெயரில் ஒன்றைத் திறக்கிறோம். இரண்டு மென்பொருள்களும் இரண்டு கரைகள் என்றால், இந்த இல்லாத கிடங்குதான் நடுவே உள்ள பாலம். செனோக்கோவிலிருந்து சரக்கு கிளம்பும்போது பழைய மென்பொருளில் அது `BR-99`க்குப் போகிறது. ஈசூனில் இறங்கும்போது புதிய மென்பொருளில் அது `BR-99`இலிருந்து வருகிறது. பழையதில் அந்த இடத்தின் இருப்பு கூடிக்கொண்டே போகும். புதியதில் அதே அளவு எதிர்மறையாக இறங்கிக்கொண்டே போகும். இரண்டையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். லாரி வழியில் இருக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும் வித்தியாசம் இருக்கலாம். இரவில் கணக்கு முடிக்கும்போது இருக்கக்கூடாது. கணக்கர்களுக்கு இது புதிதல்ல, தற்காலிகக் கணக்கு ஒன்றைத் திறந்து அதைத் தினமும் பூச்சியமாக்குவது போன்றதுதான்.

இந்தப் பூச்சியத்தை ஒவ்வொரு நாளும் யார் பார்ப்பது என்பதைப் பெயர் சொல்லி நியமிக்காத திட்டம் நிச்சயமாகத் தடுமாறும். நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நாங்கள் இதை வாரம் ஒரு முறை பார்த்தால் போதும் என்று நினைத்தோம். முன்னோட்டக் கிளை மாறிய இரண்டாவது வாரம், புதன்கிழமை காலை, அந்தக் கடையின் மேற்பார்வையாளர் அக்கா அழைத்தார். “தம்பி, நெய் டின் மைனஸ்ல காட்டுது. ஆனா இங்க ரேக் நிறைய அடுக்கி வெச்சிருக்கேன், வந்து பாருங்க,” என்றார். போய்ப் பார்த்தோம். கிடங்கிலிருந்து 10 பெட்டி நெய் வந்திருந்தது. பெட்டிக்கு 12 டின், ஆக 120 டின். பழைய மென்பொருள் பெட்டிக் கணக்கில் அனுப்பியது. புதிய மென்பொருளில் அந்தப் பொருளுக்கு ஒரு பெட்டி என்றால் எத்தனை டின் என்ற விகிதம் நிரப்பப்படவில்லை. ஆகவே அது 10 என்ற எண்ணை 10 டின் என்று எடுத்துக்கொண்டது. பதினொன்றாவது டின்னைக் கல்லாவில் விற்றதும் இருப்பு பூச்சியத்துக்குக் கீழே போயிற்று.

அந்த நாளே `BR-99`ஐப் பார்த்திருந்தால், பழையதில் 120 டின்னுக்கான மதிப்பும் புதியதில் 10 டின்னுக்கான மதிப்பும் எதிரெதிரே நின்று, 110 டின் வித்தியாசம் வெறுங்கண்ணுக்கே தெரிந்திருக்கும். நாங்கள் பார்க்காததால் இரண்டு வாரங்களில் இதே குறை உள்ள 37 பொருள்கள் அந்தக் கடைக்குள் தவறான எண்ணிக்கையோடு நுழைந்திருந்தன. அவற்றைச் சரிசெய்ய மீண்டும் ஓர் இரவு எண்ண வேண்டியதாயிற்று. அந்த அக்கா அன்று இரவும் எங்களோடு நின்று எண்ணினார். தவறு எங்களுடையது, இரவு விழித்தது அவர். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதிலிருந்து இரண்டு நடைமுறைகள் கிடைத்தன. முதலாவது, `BR-99` ஒப்பீடு தினமும் இரவு, எண்ணிக்கையிலும் மதிப்பிலும் இரண்டிலும் நடக்க வேண்டும். வித்தியாசம் உள்ள பொருள் மறுநாள் கடை திறக்கும் முன் தீர்க்கப்பட வேண்டும். இரண்டாவது, எதிர்மறை இருப்புப் பட்டியலைக் காலை ஒன்பது மணிக்கு எடுக்க வேண்டும். புதிதாக மாறிய கடையில் முதல் சில நாள்கள் இந்தப் பட்டியலில் சில பொருள்கள் இருப்பது இயல்பு. எண்ணும்போது விட்டுப்போனவை அவை. நான்காம் நாளுக்குப் பிறகும் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே போனால், எண்ணியதில் அல்ல, வரவு பதிவதில்தான் கோளாறு இருக்கிறது என்று பொருள்.

பாலத்தைப் பற்றிச் சொல்லும்போது வரியையும் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூரில் பொருள் சேவை வரிக்கு நிறுவனம் பொதுவாக ஒரே பதிவில்தான் இருக்கிறது. ஒன்பது கிளைகளுக்கும் சேர்த்து, பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே எஃப்5 படிவம். ஆகவே இடைக்காலத்தில் ஒரு காலாண்டின் விற்பனை இரண்டு மென்பொருள்களிலிருந்தும் எடுத்துக் கூட்டப்பட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில மென்பொருள்களில் இல்லாத கிடங்கு ஒன்றைத் திறப்பது சிரமம் என்பதால், மறுகரையில் உள்ள கடைகளை வாடிக்கையாளர் போலத் திறந்து, சரக்கு அனுப்புவதை விற்பனை ரசீதாகப் போட்டுவிடுவார்கள். வேலை நடக்கும். ஆனால் ஒரே நிறுவனத்தின் கிடங்கிலிருந்து கடைக்குப் போகும் சரக்கு விற்பனையே அல்ல. அது 9 விழுக்காடு வரியோடு பதிவாகி, படிவத்தின் முதல் பெட்டியில் விற்பனையாகவும் ஆறாவது பெட்டியில் செலுத்த வேண்டிய வரியாகவும் போய் உட்கார்ந்துவிடும்; அதே நெய் கல்லாவில் விற்கும்போது இன்னொரு முறையும் ஏறும். அப்படித்தான் செய்ய வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தப் போலி வாடிக்கையாளருக்கு வரிக் கணக்கில் சேராத தனிக் குறியீட்டை ஒதுக்கி, காலாண்டு முடிவில் அந்த ரசீதுகளின் மொத்தம் எஃப்5இல் எங்கும் சேரவில்லை என்பதைக் கணக்குப் பிரிவு தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

கிடங்கு எப்போது மாற வேண்டும்

கட்டம் கட்டமாக என்று முடிவெடுத்த பிறகு பலர் எந்தக் கடை முதலில் என்பதைப் பற்றியே பேசுவார்கள். என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய கேள்வி, கிடங்கு எப்போது மாறும் என்பது. ஏனென்றால் சரக்கு எல்லாமே கிடங்கு வழியாகத்தான் போகிறது. கிடங்கு எந்தக் கரையில் நிற்கிறதோ, அதற்கு எதிர்க் கரையில் உள்ள ஒவ்வொரு கடைக்கும் பாலம் வேண்டும்.

நம் நிறுவனத்தின் அட்டவணை இப்படி இருக்கட்டும்: முதல் நான்கு வாரங்கள் முன்னோட்டக் கடை மட்டும் புதியதில், ஐந்தாம் வாரத் தொடக்கத்தில் இரண்டு கடைகள், ஏழாம் வாரத்தில் இரண்டு, ஒன்பதாம் வாரத்தில் இரண்டு, பதினொன்றாம் வாரத்தில் கடைசி இரண்டு. ஒரு கடைக்கு ஒரு வாரம் பாலம் நடத்துவதை ஓர் அலகாகக் கொள்வோம். கிடங்கு முன்னோட்டக் கடையோடு சேர்ந்து முதலிலேயே மாறினால், எட்டுக் கடைகள் எதிர்க் கரையில் இருக்கும். நான்கு வாரத்துக்கு 32 அலகுகள், பிறகு ஆறு கடைகள் இரண்டு வாரம், நான்கு கடைகள் இரண்டு வாரம், இரண்டு கடைகள் இரண்டு வாரம் என்று 24, மொத்தம் 56. கிடங்கு கடைசிக் கடைகளோடு சேர்ந்து மாறினால், முதலில் ஒரு கடை நான்கு வாரம், பிறகு மூன்று, ஐந்து, ஏழு கடைகள் இரண்டு இரண்டு வாரம், மொத்தம் 34. இதுவே கிடங்கு ஏழாம் வாரத்தில், ஐந்து கடைகள் மாறியிருக்கும் நேரத்தில் மாறினால், முதல் நான்கு வாரத்துக்கு 4, அடுத்த இரண்டு வாரத்துக்கு 6, பிறகு பழையதில் மிஞ்சியிருக்கும் நான்கு கடைகளுக்காக 8, கடைசியில் 4, மொத்தம் 22.

அட்டவணை ஒரு நாளும் நீளவில்லை. கிடங்கு மாறும் வாரத்தை மட்டும் நகர்த்தியதில் பால வேலை 56இலிருந்து 22ஆக, பாதிக்கும் கீழே குறைகிறது. பாதிக் கடைகள் மாறும் தருணத்தில் கிடங்கு மாறுவது நல்லது என்ற விதி இப்படித்தான் வருகிறது. முதலில் கிடங்கை மாற்றிவிட்டால் அடித்தளம் போட்ட மாதிரி என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாக இருக்கும் அந்த வாதத்தை நான் ஏற்பதில்லை: மென்பொருளை யாரும் இன்னும் பழகாத முதல் வாரத்தில், பாலம் மிக அகலமாக இருக்கும். நடைமுறையில் கிடங்கு மாறும் வார இறுதியில் வேறு கடைகளைத் தொடாமல் ஒரு வாரம் தள்ளி வைப்பேன். அதனால் அலகுகள் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

இடைக்காலத்தில் கடைக்குக் கடை நேரடியாகச் சரக்கு மாற்றுவதையும் கட்டுப்படுத்த வேண்டும். ஜூரோங் கடையில் உளுந்து தீர்ந்துவிட்டது, பக்கத்துக் கிளையிலிருந்து இரண்டு மூட்டை வேனில் எடுத்து வந்துவிடுவது நம் கடைகளில் அன்றாடம் நடப்பது. இரண்டு கடைகளும் ஒரே கரையில் இருந்தால் தடையில்லை. வெவ்வேறு கரையில் இருந்தால் அந்தப் பத்து வாரமும் கிடங்கு வழியாகத்தான் கேட்க வேண்டும் என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். வாடிக்கையாளர் ஒரு கடையில் வாங்கியதை இன்னொரு கடையில் திருப்பிக் கொடுப்பதும் இதே வகைதான்.

முன்னோட்டக் கடையும் பொருள் பட்டியலும்

முன்னோட்டத்துக்குச் சிராங்கூன் சாலைக் கடை வேண்டாம். அங்கே கூட்டம் அதிகம், ஞாயிற்றுக்கிழமை மாலை அங்கே கல்லா நின்றால் நட்டம் பெரிது. ஆக மிகச் சிறிய கடையும் வேண்டாம். அங்கே கடன் விற்பனை, மொத்த விற்பனை, எடை போட்டு விற்பது போன்றவை இல்லாவிட்டால் அவற்றில் உள்ள பிழைகள் ஐந்தாவது கடையில்தான் தெரியவரும். நடுத்தர அளவு, எல்லா வகை விற்பனையும் உள்ளது, கோளாறைக் கோளாறு என்று தயங்காமல் சொல்லும் மேற்பார்வையாளர் இருப்பது, இந்த மூன்றும் பொருந்தும் கடையே ஏற்றது. மூன்றாவது தகுதியை நான் முதலாவதாக மதிக்கிறேன். முன்னோட்டம் குறைந்தது ஒரு மாத முடிவையாவது கடக்க வேண்டும். ஏனென்றால் கல்லாவில் எல்லாம் சரியாக ஓடி, மாதக் கணக்கு முடிக்கும் நாளில்தான் தெரியவரும் பிழைகள் உண்டு.

கட்டம் கட்டமாகப் போனாலும் பிரிக்க முடியாத ஒன்று உண்டு: பொருள் பட்டியல். பழைய முறையில் ஒவ்வொரு கடையும் தன் கணினியில் தானே பொருளைத் திறந்திருப்பதால், ஒரு கிலோ துவரம் பருப்புக்கு ஈசூனில் ஒரு குறியீடு, உட்லண்ட்ஸில் இன்னொன்று, ஜூரோங்கில் எழுத்துப் பிழையோடு மூன்றாவது ஒன்று என்று இருக்கும். முன்னோட்டக் கடைக்கு வேண்டிய பொருள்களை மட்டும் சுத்தம் செய்து தொடங்கினால் முதல் மாதம் வேகமாகப் போவது போலத் தோன்றும். பிறகு ஒவ்வொரு கடை சேரும்போதும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கடைகளின் குறியீடுகளை இணைக்க வேண்டி வரும். ஓடும் கடையில் குறியீட்டை இணைப்பது மிகுந்த சிரமம். ஒன்பது கடைகளின் பட்டியலையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கி, பெட்டி-டின் விகிதம் உட்பட எல்லாப் புலங்களையும் நிரப்பிய பிறகே முதல் கடை மாற வேண்டும். அந்த வகையில் கட்டம் கட்டமான திட்டத்துக்குள்ளும் ஒரு சிறு ‘பிக் பேங்’ இருக்கத்தான் செய்கிறது.

ஒரே நாளில் மாறுவதே சரியாக இருக்கும் இடங்கள்

இதுவரை சொன்னதிலிருந்து கட்டம் கட்டமாகப் போவதே எப்போதும் சரி என்று ஆகிவிடாது. முடிவெடுக்க நான் கேட்கும் கேள்வி இது: கிளைகளுக்கு இடையே ஒரு நாளில் எத்தனை பரிமாற்றம் நடக்கிறது, அதில் எவ்வளவு உடனுக்குடன் தெரிந்தாக வேண்டும்? மளிகைக் கடையில் பாலத்தை இரவில் ஒரு முறை சரிபார்த்தால் போதும். நான்கு மையங்கள் உள்ள ஒரு துணைப்பாட நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பெற்றோர் இருபது வகுப்புகளுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். பிள்ளை செவ்வாய் தெம்பனிஸ் மையத்துக்கும் சனிக்கிழமை பிடோக் மையத்துக்கும் போகிறது. இரண்டு மையங்களும் வெவ்வேறு மென்பொருளில் இருந்தால், மிச்சம் எத்தனை வகுப்பு என்பதற்கு இரண்டு விடைகள் இருக்கும். அதைத் தீர்க்க இரண்டையும் நொடிக்கு நொடி இணைக்கும் பாலம் கட்ட வேண்டும். பத்து வாரம் பயன்படுத்தித் தூக்கி எறியப்போகும் பாலத்துக்கு அந்தச் செலவு தகாது. மேலும் அங்கே எண்ண வேண்டிய சரக்கு இல்லை. பள்ளி விடுமுறையில் நிலையத்தை ஒரு வாரம் மூடவும் முடியும். அத்தகைய நிறுவனம் டிசம்பர் விடுமுறையில் நான்கு மையங்களையும் ஒன்றாக மாற்றுவதே நல்லது.

சட்டம் ஒரு நாளைக் குறித்துவிட்டாலும் வேறு வழியில்லை. 2024 ஜனவரி 1 அன்று பொருள் சேவை வரி 8 விழுக்காட்டிலிருந்து 9 ஆனபோது, எந்த நிறுவனமும் முதலில் ஈசூன், பிறகு உட்லண்ட்ஸ் என்று மாற்றியிருக்க முடியாது. எல்லாக் கல்லாக்களும் ஒரே நள்ளிரவில் மாறின.

எந்த வழியானாலும் நாளைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999இல் தன் ஆர்டர், கிடங்கு மென்பொருள்களை ஒரே நேரத்தில் மாற்றியது. ஏப்ரலில் முடிய வேண்டியது தள்ளிப்போய் ஜூலையில் நடந்தது. அடுத்து வந்தது இனிப்பு அதிகம் விற்கும் ஹாலோவீன் பருவம். சரக்கு கிடங்கில் இருந்தும் ஏறக்குறைய 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் போயிற்று. மாறும் நாளை நல்ல நாளாகக் குறித்தால் மட்டும் போதாது, அது மூன்று மாதம் தள்ளிப்போனால் எங்கே போய் விழும் என்றும் பார்க்க வேண்டும். நம் மளிகை நிறுவனத்துக்கு அது தீபாவளி. ஜூலையில் தொடங்கும் பதினொரு வாரத் திட்டம் தாளில் செப்டம்பரில் முடிந்துவிடும். நான்கு வாரம் தவறினால் கடைசி இரண்டு கடைகள் முறுக்கு மாவும் நெய்யும் அள்ளிக்கொண்டு போகும் வாரத்தில் மாறும். அப்படி ஆகும் என்று தெரிந்தால் அந்த இரண்டு கடைகளையும் பழையதிலேயே விட்டுவிட்டு, பாலத்தை நீட்டி, தீபாவளி முடிந்து சரக்கு குறைந்த பிறகு எண்ணி மாற்றுவேன். கட்டம் கட்டமாகப் போகிறவருக்கு மட்டுமே இந்த வசதி இருக்கிறது.

கடைசிக் கடையும் மாறிய பிறகு செய்ய வேண்டியது ஒன்று மீதம் இருக்கும். `BR-99`இன் இருப்பு இரண்டு பக்கத்திலும் ஒன்றையொன்று ஈடுசெய்கிறதா என்று பொருள் வாரியாகக் கடைசி முறை ஒப்பிட்டு, மிஞ்சிய வித்தியாசங்களுக்குக் காரணம் எழுதி, கணக்கில் சரிக்கட்டி, அந்த இடத்தில் இனி யாரும் பதிய முடியாதபடி இரண்டிலும் மூட வேண்டும். பழைய கணினிகளை அன்றே எடைக்குப் போட்டுவிடக் கூடாது. வரிப் பதிவேடுகளை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதால், ஒன்பது கடைகளின் பழைய தரவையும் படிக்க மட்டும் முடியும்படி ஒரே கணினியில் சேர்த்து, இடைக்காலத்துக் காலாண்டின் எஃப்5க்கு இரண்டு மென்பொருள்களிலிருந்தும் எடுத்த கூட்டல் தாளையும் அதனோடு வைத்துவிட வேண்டும்.